ஸ்டாருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எங்கள் பெரியப்பா முப்பது வருஷமாக அதில் ஏறி இறங்குகிறவர். மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், பூப்பாறைக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஏலத்தோட்டம். இந்தப் பக்கம் போடியில் வீடு. 2024-இல் பழைய ஜீப்பைத் தள்ளிவிட்டு ஒரு பெட்ரோல் கார் வாங்கலாம் என்று முடிவு செய்தார். கட்டப்பனையில் கொடுத்த நோட்டீஸ் ஒன்று, தேனியில் கொடுத்த நோட்டீஸ் ஒன்று, இரண்டையும் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். ஒன்று மலையாளம், மற்றது தமிழ். கார் ஒன்றேதான்.

"விலை 7.49 லட்சம், மைலேஜ் 21.7, வாரண்டி அஞ்சு வருஷம். நல்லாத்தானப்பா இருக்கு?" என்றார்.

மூன்று எண்களின் தலையிலும் ஒவ்வொரு ஸ்டார் இருந்தது. பெரியப்பாவுக்குத் தமிழும் மலையாளமும் நன்றாக வாசிக்க வரும். ஆனால் இரண்டு நோட்டீசிலும் ஸ்டாருக்கு உரிய விளக்கம் மட்டும் கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. அதை அவர் வாசித்திருக்கவே முடியாது.

அந்த மூன்று ஸ்டார்களையும் அன்றைக்கு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நோட்டீசில் இருக்கும் பெரிய எண் பெரும்பாலும் பொய்யாக இருக்காது. பொய் சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். அந்த எண் நாம் கேட்காத வேறொரு கேள்விக்கு உரிய சரியான பதில். எந்தக் கேள்விக்கு என்பதை அடிக்குறிப்பில்தான் வைத்திருப்பார்கள்.

விலையை முதலில் முடித்துவிடலாம், அதில் அதிகச் சூட்சுமம் இல்லை. "₹7.49 லட்சம் முதல்*" என்று போட்டிருந்தது. ஸ்டாருக்கு முன்னாலேயே 'முதல்' என்ற குட்டிச் சொல் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஏழு வகை இருந்தால் ஆகக் குறைந்த வகையின் விலை அது. அட்டையில் சிவப்பாக மின்னும் கார் ஆக உயர்ந்த வகை. அதற்கும் ஒரு குறிப்பு இருக்கும், படத்தில் உள்ள சாமான்கள் எல்லா வகையிலும் வராது என்று. பெரியப்பா கேட்ட வசதிகளோடு வந்த வகைக்கு 9.10 லட்சம்.

இனி ஸ்டார். அது சொன்னது மூன்று விஷயம். இது எக்ஸ் ஷோரூம் விலை, குறிப்பிட்ட ஊரில் உள்ள விலை, முன்னறிவிப்பின்றி மாறக்கூடியது. எக்ஸ் ஷோரூம் விலையில் ஜிஎஸ்டி அடக்கம். சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் அடக்கமில்லை. சாலை வரி மாநில அரசின் வரி என்பதால் எல்லையோரத்தில் இருக்கிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். கட்டப்பனை ஷோரூமில் எழுதித் தரும் ஆன் ரோடு விலை கேரள வரிக்கு உரியது. போடி முகவரியில் பதிவு செய்தால் தமிழ்நாட்டு வரி. 2023 நவம்பரில் திருத்திய தமிழ்நாட்டு அட்டவணைப்படி 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். 9.10 லட்சத்துக்கு 1,18,300 ரூபாய். இன்சூரன்சுக்கு எங்கள் கொட்டேஷனில் 42,000 போட்டிருந்தார்கள். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டியாக வேண்டும், அதனால்தான் அந்தத் தொகை பெரிதாகத் தெரிகிறது. இதை டீலரிடமே எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆக 7.49 என்று ஆரம்பித்தது 10.70 லட்சத்தில் வந்து நின்றது.

'முன்னறிவிப்பின்றி மாறக்கூடியது' என்பதை நாம் சடங்கு வாசகமாக நினைத்துத் தாண்டிவிடுவோம். அதன் நடைமுறை அர்த்தம், முன்பணம் கட்டிய நாள் விலை செல்லாது, வண்டி கையில் கிடைக்கும் நாளின் விலைதான் செல்லும் என்பது. ஐப்பசியில் புக் செய்து தை மாதம் வண்டி எடுக்கிறவர் நடுவில் ஏறிய விலையையும் கட்டுவார். புத்தாண்டை ஒட்டி விலை ஏற்றுவது கம்பெனிகளின் வழக்கம்.

சரி, மைலேஜுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த ஸ்டார் இதுதான்.

"21.7 கி.மீ." என்பதன் அடிக்குறிப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 115-இன்படி, தரப்படுத்திய சோதனைச் சூழலில் சோதனை முகமை சான்றளித்தது. இதை ஷோரூமில் 'ஏஆர்ஏஐ மைலேஜ்' என்பார்கள். புனேயில் இருக்கும் வாகன ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம் அது. மானேசரிலும், நம் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலும்கூட இப்படிச் சோதனை செய்யும் இடங்கள் உண்டு.

அந்த 'தரப்படுத்திய சூழல்' என்ன என்று தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். கார் சாலையில் ஓடவே ஓடாது. ஒரு கூடத்துக்குள் உருளைகள் மேல் சக்கரத்தை நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஓட்டுவார்கள். காற்றின் தடையையும் டயரின் உராய்வையும் உருளையே கணக்குப்படி கொடுக்கும். கூடத்தின் வெப்பம் 20-இலிருந்து 30 டிகிரிக்குள் இருக்கும். ஏசி அணைத்திருக்கும். டிரைவருக்கு முன்னால் உள்ள திரையில் ஒரு கோடு போகும், எந்த விநாடியில் என்ன வேகம் என்று. அந்தக் கோட்டை விட்டு விலகாமல் அவர் ஓட்ட வேண்டும்.

கோடு மொத்தம் 1,180 விநாடி, அதாவது இருபது நிமிஷத்துக்கும் குறைவு. முதல் பகுதி நகர ஓட்டம். 195 விநாடிகள் கொண்ட ஒரே மாதிரி ஓட்டத்தை நான்கு முறை திரும்பச் செய்வார்கள். இதில் 50-க்கு மேல் வேகம் போகாது, சராசரி வேகம் மணிக்கு 19 கிலோமீட்டர்தான். நின்ற காரை 50-க்குக் கொண்டுவர 26 விநாடி எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சாலையில் அப்படி ஓட்டினால் பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனில் கையை வைத்துவிடுவார். இரண்டாம் பகுதி 400 விநாடி, புறநகர் ஓட்டம். இதில் ஆக அதிக வேகம் 90. எல்லாம் சேர்த்து ஓடும் தூரம் பத்தரை கிலோமீட்டர்தான். பெட்ரோலையும் அளவு ஜாடியில் ஊற்றி அளப்பதில்லை. புகைக்குழாயிலிருந்து வரும் வாயுவில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று பார்த்து, எரிந்த பெட்ரோலைக் கணக்கிடுவார்கள்.

இதில் மோசடி ஒன்றுமில்லை. எல்லாக் கார்களுக்கும் ஒரே கோடு, ஒரே விதி. அதனால் 18 என்று போட்ட காரையும் 21.7 என்று போட்ட காரையும் ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண் உதவும். அதிலும் ஒரு சின்ன எச்சரிக்கை உண்டு. நகர ஓட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் கார் சும்மா நின்றுகொண்டிருக்கும். சிக்னலில் நின்றவுடன் எஞ்சின் தானே அணையும் வசதி உள்ள காருக்கு இங்கே நல்ல லாபம். போடியிலிருந்து பூப்பாறை வரை சிக்னலே கிடையாது என்கிறவருக்கு அந்த லாபம் கிடைக்காது.

ஆனால் உருளையில் இல்லாத ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது, மலை. பெரியப்பாவுக்காக அன்றைக்கு ஒரு கணக்குப் போட்டேன். தோராயக் கணக்குதான், ஆனாலும் விஷயத்தைக் காட்டிவிடும்.

போடியிலிருந்து மெட்டு சுமார் 26 கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறோம். கார், ஆட்கள், மூட்டை எல்லாம் சேர்த்து 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க 12 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருக்கிறது. அதில் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும், மீதி சூடாகவும் புகையாகவும் போய்விடும். ஆக, லிட்டருக்கு 8 மெகாஜூல். உயரம் ஏறுவதற்கு மட்டுமே ஒன்றரை லிட்டர் கூடுதலாக வேண்டும்.

சமதரையில் 20 கொடுக்கும் கார் அதே 26 கிலோமீட்டருக்கு 1.3 லிட்டர் குடிக்கும். மலைக்கு உரிய 1.5-ஐச் சேர்த்தால் 2.8 லிட்டர். ஏறும்போது மைலேஜ் ஒன்பது சொச்சம்தான்.

"இறங்கும்போது குடிக்காதேப்பா" என்றார் பெரியப்பா. உண்மைதான். கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை விட்டால் இந்தக் காலத்துக் கார்களில் பெட்ரோல் கிட்டத்தட்ட நின்றுவிடும். வளைவுகளில் அங்கங்கே மிதிப்பதைச் சேர்த்து இறக்கத்துக்கு அரை லிட்டர் போடலாம். அப்போது போகவர 52 கிலோமீட்டருக்கு 3.3 லிட்டர், லிட்டருக்கு 16-க்குச் சற்றுக் குறைவு. ஏறும்போது செலவழித்தது முழுவதும் இறங்கும்போது திரும்பி வராது. ஒரு பகுதி பிரேக்கில் சூடாகப் போய்விடுகிறது. இரண்டாவது கியரில் லாரிக்குப் பின்னால் ஊர்வது, ஏசி எல்லாம் சேர்ந்தால் இன்னும் குறையும்.

கார் வந்த பிறகு டேங்க் டு டேங்க் பார்த்தோம். பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, 300 கிலோமீட்டருக்குமேல் ஓட்டியபின் அதே பம்பில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பது. ஒரு தடவை பார்த்தால் போதாது, பம்ப் நிற்கும் இடம் சற்று முன்பின் இருக்கும். மூன்று தடவை பார்த்து எடுத்த சராசரி 14.8. மீட்டரில் தெரியும் மைலேஜ் இதைவிடக் கூடுதலாகக் காட்டியது. அதை நான் பொருட்படுத்துவதில்லை.

பெரியப்பாவுக்கு மாதம் சுமார் 2,500 கிலோமீட்டர் ஓட்டம். நோட்டீஸ் எண்ணை நம்பினால் 115 லிட்டர். நிஜத்தில் 169 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 5,400 ரூபாய் வித்தியாசம். தவணைத் தொகையைத் திட்டமிடும்போது இந்தப் பணம் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது.

மூன்றாவது ஸ்டார் வாரண்டி. "5 ஆண்டு / 1,00,000 கி.மீ.*, எது முந்தியோ அது."

'எது முந்தியோ அது' என்ற மூன்று சொல்லில்தான் உயிர் இருக்கிறது. இதற்குச் சுலபமான கணக்கு ஒன்று உண்டு. கிலோமீட்டர் எல்லையை மாதங்களால் வகுத்துவிடுங்கள். ஒரு லட்சத்தை 60 மாதங்களால் வகுத்தால் 1,667. மாதம் 1,667 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவருக்குக் கிலோமீட்டர் முந்தும். அதற்குக் குறைவாக ஓட்டுகிறவருக்கு வருஷம் முந்தும். மாதம் 2,500 ஓட்டுகிற பெரியப்பாவுக்கு 40 மாதங்களில் ஒரு லட்சம் வந்துவிடும். அவருடைய ஐந்து வருஷ வாரண்டி மூன்று வருஷம் நான்கு மாதம்தான். வாரத்துக்கு ஒரு தடவை சந்தைக்குப் போகிற ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு ஐந்து வருஷமும் முழுதாகக் கிடைக்கும். ஆனால் அவர் காரில் பழுது வருவதே அபூர்வம்.

அடுத்து அந்த ஐந்து வருஷமும் கம்பெனி தானாகத் தருவதா என்று பார்க்க வேண்டும். எங்கள் நோட்டீசின் குறிப்பில் முதல் மூன்று வருஷம் இயல்பான வாரண்டி, மீதி இரண்டு வருஷம் காசு கட்டி வாங்கும் நீட்டிப்பு என்று இருந்தது. பெரிய எழுத்தில் '5' மட்டும்தான். இப்படிப்பட்ட நீட்டிப்பில் எந்தெந்தப் பாகம் அடங்கும் என்ற பட்டியல் பெரும்பாலும் முதல் வாரண்டியைவிடச் சிறிதாக இருக்கும். பணம் கட்டும் முன் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வாரண்டி எதற்கு என்பதையும் அடிக்குறிப்பு ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும். பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்கு மட்டும். தேய்கிற சாமான்களுக்குக் கிடையாது. பிரேக் பேடு, கிளட்ச் பிளேட், வைப்பர் ரப்பர், பல்பு எல்லாம் தேய்மானக் கணக்கில் போகும். டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்தவர்களின் தனி வாரண்டி. வாடகைக்கு ஓட்டினால் பல கம்பெனிகளில் வாரண்டியின் அளவே குறைந்துவிடும். சொந்தப் பெயரில் எடுத்த வண்டியில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக் கூலி வாங்குகிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அவர்கள் இந்த வரியைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பெரியப்பாவுக்கு 28,000 கிலோமீட்டரில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. எஞ்சின் இரைகிறது, வண்டி ஏறவில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போனோம். பிரித்தவர்கள் "தேய்மானம் சார், வாரண்டி வராது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். பெரியப்பாவுக்குக் கோபம். எனக்கும்தான். ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கழற்றிய பிளேட்டைக் கொண்டுவரச் சொன்னோம்.

அதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். பிளேட் காய்ந்து, இரண்டு பக்கமும் சீராகத் தேய்ந்து, கருகிய வாடையோடு இருந்தால் அது ஓட்டத்தால் வந்தது. வளைவில் அரை கிளட்சில் வண்டியை நிறுத்திவைத்து ஏறுகிற பழக்கம் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். பிளேட்டில் எண்ணெய் படிந்திருந்தால் கதை வேறு. எஞ்சின் பின்பக்கச் சீலிலிருந்தோ கியர்பாக்ஸ் சீலிலிருந்தோ எண்ணெய் கசிந்து பிளேட்டை நனைத்திருக்கும். கசிந்த சீல் தயாரிப்புக் குறை என்றால், அது கெடுத்த பிளேட்டையும் சேர்த்துக் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. பார்க்காமல் விட்டிருந்தால் இரண்டும் 'தேய்மானம்' என்ற ஒரே வார்த்தையில் போயிருக்கும்.

பெரியப்பாவின் பிளேட் காய்ந்துதான் இருந்தது. சென்டர்காரர் சொன்னது சரி. ஜீப் காலத்துப் பழக்கத்தில் அரை கிளட்சில் காலை வைத்தே ஓட்டியிருக்கிறார். "இருபது வருஷம் அப்படித்தானப்பா ஓட்டினேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே காசைக் கட்டினார். எண்ணெய் இருந்திருந்தால், மறுக்கிற காரணத்தை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டிருப்போம். வாயால் மறுத்ததற்குப் பின்னால் சாட்சி இருக்காது.

இன்னொரு நிபந்தனை எளிதில் கண்ணில் படாது. குறித்த காலத்தில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும். பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், இங்கேயும் எது முந்தியோ அது. பெரியப்பாவைப் போல ஓட்டுகிறவருக்கு நாலு மாதத்துக்கு ஒரு சர்வீஸ் வரும். அதைத் தவறவிட்டால் பிறகு எஞ்சினில் பிரச்சினை வரும்போது அதையே காரணம் காட்டுவார்கள். அதே கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சென்டர் என்றால் தேனியில் செய்தாலும் கட்டப்பனையில் செய்தாலும் கணக்கு ஒன்றுதான். பில்லில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கி வையுங்கள்.

இப்படி எறும்பு எழுத்தில், படிக்கத் தெரியாத மொழியில் போடலாமா என்று பெரியப்பா கேட்டார். கூடாது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு விதிகள் கொண்டுவந்தது. விளம்பரத்தில் எந்த மொழியில் வாக்குச் சொல்கிறார்களோ அதே மொழியில் அடிக்குறிப்பும் இருக்க வேண்டும், பெரிய எழுத்தில் சொன்னதற்கு எதிரானதை அடிக்குறிப்பில் சொல்லக் கூடாது, முக்கியமான விவரத்தை அதில் ஒளிக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. நோட்டீசும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி விளம்பரம்தான். புகார் செய்ய 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. எல்லாரும் இதைப் பின்பற்றுகிறார்களா என்றால், எங்கள் மேஜையில் கிடந்த இரண்டு நோட்டீசும்தான் பதில்.

அதனால் நாங்கள் வேறொரு வேலை செய்தோம். கொட்டேஷன் எழுதும்போதே மூன்று ஸ்டாருக்கும் உரிய வாசகத்தை, எந்த நாளின் விலை, எத்தனை வருஷம் இயல்பான வாரண்டி, எத்தனை வருஷம் காசு கட்டியது என்று தமிழில் எழுதி முத்திரை வைத்துத் தரச் சொன்னோம். விற்பனைப் பையன் கொஞ்சம் திணறினான், மேனேஜரைக் கூப்பிட்டான், கடைசியில் எழுதித் தந்தான். அந்தத் தாளும், தேதி குறித்த இரண்டு நோட்டீசும் இப்போது ஆர்சி புத்தகம் இருக்கும் பிளாஸ்டிக் கவரிலேயே இருக்கின்றன.